பதினொரு மணிக்கு இணையத்தை அடைப்பது யார்?

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கணினிகள், ஒரு பிரிண்டர், வாசலையும் ஃபைல் அறையையும் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராக்கள், வேலை செய்பவர்களின் கைப்பேசிகள். ஏற்ற, இறக்க இரண்டுக்கும் 40 எம்பிபிஎஸ் தரும் பைபர் இணைப்பு. இவ்வளவு பேருக்கு அது தாராளமாகவே போதும். ஆனாலும் காலை பதினொரு மணி ஆனால் வாடிக்கையாளரோடு பேசும் வீடியோ அழைப்பு திக்கித் திணறுகிறது, ஜிஎஸ்டி தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. இணைப்பு தந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், அவர்கள் ஆள் வந்து வேகத்தைச் சோதிக்கும் நேரம் பிற்பகல் மூன்று மணி. அப்போது 40-ம் முழுசாக வருகிறது.

அலுவலகத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "எல்லாம் இந்த ஆர்ட்டிக்கிள் பசங்க போன்லதானுங்க போகுது" என்பார் மேனேஜர். பயிற்சிக்கு வந்த பையன்கள் மாடியில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கிறார்கள் என்பது கண்ணால் கண்ட உண்மை. ஆகவே குற்றவாளியும் அவர்களே. இப்படிப்பட்ட தீர்ப்பு எல்லா அலுவலகங்களிலும் உண்டு. அது சரியா தவறா என்று ரவுட்டரிடமே கேட்டுவிடலாம். ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை பைட் வந்தது, அதிலிருந்து எத்தனை பைட் போனது என்ற கணக்கை வைத்திருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "இந்த மாதம் அதிகம் செலவழித்தது யார்?" என்பது ஒரு கேள்வி. "பதினொரு மணிக்கு வழியை அடைத்தது யார்?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒரே கருவியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் இருப்பதும் இல்லை. முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவதற்குப் பொருத்திவிடுவதால்தான் பல அலுவலகங்களில் தண்டனை ஒருவருக்கும் குற்றம் இன்னொருவருக்குமாகப் போகிறது.

முதலில், எந்த ரவுட்டர் என்பதைப் பார்த்துவிடுவோம். இணைப்புக் கொடுக்கும்போது நிறுவனம் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டி, பொதுவாக மொத்தமாக எவ்வளவு வந்தது போனது என்று மட்டுமே காட்டும். கருவி வாரியாகப் பிரித்துச் சொல்லாது. அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்ற முடிகிற ரவுட்டராக இருந்தால், `nlbwmon` என்ற சிறிய நிரலை அதில் நிறுவிக்கொள்ளலாம். வேறு ரவுட்டர்களிலும் வேறு பெயர்களில் இதே வசதி உண்டு. எதுவானாலும் ஒரு நிபந்தனை: எல்லாக் கருவிகளும் அந்த ரவுட்டர் வழியாகவே போக வேண்டும். சுவரில் இருக்கும் பழைய பெட்டியின் வைஃபையை அணைக்காமல் விட்டால், அதன் கடவுச்சொல் தெரிந்த கைப்பேசிகளெல்லாம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், நம் கணக்கில் வரவே வராது.

ரவுட்டர் இதை எப்படி எண்ணுகிறது? உள்ளே இருக்கும் ஒரு கணினி வெளியே ஒரு தளத்தோடு பேசத் தொடங்கியவுடன், அந்த உரையாடலுக்கு ரவுட்டர் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு, இந்தப் பக்கம் இத்தனை பைட், அந்தப் பக்கம் இத்தனை பைட் என்று அந்த வரியில் எண் ஏறிக்கொண்டே போகும். திரும்பி வரும் தரவை யாரிடம் கொடுப்பது என்று தெரிவதற்காகவே ரவுட்டர் இந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. பைட் எண்ணிக்கை அதில் கூடுதலாகக் கிடைப்பது. `nlbwmon` வழக்கமான அமைப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை இந்தப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு உள் கருவியின் பெயரிலும் கூட்டி வைக்கிறது. மாதத்தின் முதல் தேதியில் புதுக் கணக்கு தொடங்கும்.

கணக்கை ஐபி முகவரியின் பெயரில் பார்க்கக் கூடாது. அது மாறக்கூடியது. போதாததற்கு, புதிய ஆறாம் பதிப்பு முகவரி முறையில் ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் பல முகவரிகள் இருக்கும். கணக்கு நாலு துண்டாகச் சிதறிவிடும். மேக் முகவரியின் பெயரில் பார்க்க வேண்டும். ரவுட்டருக்குள் நுழைந்து இப்படிக் கேட்டால் போதும்:

```
nlbw -c csv -g mac
```

கருவிக்கு ஒரு வரி வரும். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு பத்திகள்: `rx_bytes`, `tx_bytes`. முதலாவது அந்தக் கருவிக்கு இறங்கியது, இரண்டாவது அதிலிருந்து ஏறியது. எது எது என்பதில் சந்தேகம் வந்தால் விவாதிக்க வேண்டாம். ஒரு கணினியில் அளவு தெரிந்த பெரிய கோப்பு ஒன்றை, ஒரு ஜிபி போல, இறக்கிப் பாருங்கள். எந்தப் பத்தி அந்த அளவுக்கு ஏறுகிறதோ அதுதான் இறக்கம். ரவுட்டர் ஒழுங்காக எண்ணுகிறதா என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.

நம் ஆடிட்டர் அலுவலகத்தில் 30 நாள் கணக்கை எடுத்தபோது கிடைத்த பட்டியலைப் பார்ப்போம். முதலிடம் கைப்பேசிகளுக்கு இல்லை. கேமராப் பதிவுப் பெட்டிக்கு. அது 1620 ஜிபியை மேலே ஏற்றியிருந்தது. மேனேஜரே கொஞ்சம் திகைத்துப்போகும் எண். ஆனால் கணக்குப் போட்டால் விசித்திரம் ஒன்றுமில்லை. கேமராக் காட்சியை இணையச் சேமிப்புக்குத் தொடர்ந்து அனுப்பும்படி யாரோ அமைத்திருக்கிறார்கள். அதற்கு நொடிக்கு 5 மெகாபிட் ஆகிறது. ஒரு நாளைக்கு 86,400 நொடி. 5 மெகாபிட்டை எட்டால் வகுத்துப் பைட்டாக்கி, 86,400-ஆல் பெருக்கினால் 54 ஜிபி. முப்பது நாளைக்கு 1620. இரவு பகல், ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு எதுவும் பாராமல் ஓடுவதால் சிறு ஓட்டமே இவ்வளவு பெரிய எண்ணாகிறது. பல பைபர் திட்டங்களில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகம் குறைந்துவிடும். அதில் ஏறக்குறையப் பாதியை ஃபைல் அறையின் கதவைப் படம் பிடிப்பதற்கே செலவழித்துக்கொண்டிருக்கிறது அலுவலகம்.

அடுத்த இடத்தில் மாடியில் இருக்கும் ஒரு கருவி, இறக்கம் 310 ஜிபி. மூன்றாவதாக, கணக்குப் பிரிவில் உள்ள இரண்டாவது கணினி, ஏற்றம் 187 ஜிபி. மற்ற எட்டுக் கணினிகளுக்கும் சேர்த்தே இறக்கம் 240 ஜிபிதான்.

பதினொரு மணிப் பிரச்சினைக்கு இதில் யார் காரணம்? கேமராப் பெட்டியைக் கைகாட்டத் தோன்றும். ஆனால் அது நாள் முழுக்க 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடுவது. பதினொன்றுக்கு எவ்வளவோ மூன்றுக்கும் அவ்வளவே. மூன்று மணிக்கு வேகம் நன்றாக இருக்கிறதே. ஆகவே மாதப் பட்டியல் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. நேரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு வழி நம் வீட்டு மின்சார மீட்டரில் இருப்பதுதான். மீட்டரில் தெரிவது இதுவரை ஓடிய மொத்தம். இரண்டு முறை ரீடிங் எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இடையில் ஓடியது தெரியும். ஈபிக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார். நாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்போகிறோம். ரவுட்டரில் ஒரு பென்டிரைவைச் செருகி, `/root/bw.sh` என்ற கோப்பில் இந்த இரண்டு வரிகளை எழுதி வைக்க வேண்டும்:

```
#!/bin/sh
nlbw -c csv -g mac > /mnt/usb/bw-$(date +%Y%m%d-%H%M).csv
```

கோப்புக்கு இயங்கும் உரிமை கொடுத்துவிட்டு, இதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும்படி ரவுட்டரின் நேரப் பட்டியலில் ஒரு வரி:

```
*/5 * * * * /root/bw.sh
```

ஒரு நாளைக்கு 288 கோப்புகள் சேரும், ஒவ்வொன்றும் சில கிலோபைட்தான். பென்டிரைவ் எதற்கு என்றால், சிறிய ரவுட்டர்களில் `nlbwmon` தன் கணக்கை வழக்கமாக வைப்பது கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில். யுபிஎஸ் இல்லாத இடத்தில் ஒரு மின்வெட்டு அந்த மாதக் கணக்கையே கொண்டுபோய்விடும். பென்டிரைவில் இருக்கும் ஐந்து நிமிட ரீடிங்குகள் தப்பித்துக்கொள்ளும்.

சில நாள் ஓடவிட்டு, ஒரு வேலை நாளின் காலை 11:05, 11:10 கோப்புகளை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவின் இரண்டாவது கணினிக்கு நேராக, ஏறியது என்ற பத்தியில் இருந்தவை:

```
11:05   tx_bytes   109482316544
11:10   tx_bytes   110609157632
```

கழித்தால் 1,12,68,41,088. அதாவது ஐந்து நிமிடத்தில் 112.7 கோடி பைட் மேலே போயிருக்கிறது. இணைப்பின் வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், ரவுட்டர் பைட்டில் எண்ணுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எட்டால் பெருக்கினால் 901 கோடி பிட். ஐந்து நிமிடம் என்பது 300 நொடி. வகுத்தால் நொடிக்கு மூன்று கோடி பிட், அதாவது 30 எம்பிபிஎஸ். 40 எம்பிபிஎஸ் ஏற்றத்தில் முக்கால் பங்கை ஒரே கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதே ஐந்து நிமிடத்தில் கேமராப் பெட்டி வழக்கம்போல் 5. மற்ற எல்லாம் சேர்ந்து 3. மொத்தம் 38. பொட்டலங்களின் தலைப்புச் சுமையையும் சேர்த்தால் வழி நிரம்பிவிட்டது என்றே பொருள். மாடியிலிருந்த கருவி அந்த நேரத்தில் இறக்கியது 6 எம்பிபிஎஸ், ஏற்றியது ஒன்றில் பாதிகூட இல்லை. ரீல்ஸ் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள்தான். வழியை அடைத்தது அவர்களில்லை.

அந்தக் கணினியில் போய்ப் பார்த்தால் காரணம் கிடைக்கிறது. கணக்கு மென்பொருள் தினமும் பதினொரு மணிக்கு எல்லா வாடிக்கையாளர்களின் தரவையும் சேர்த்து ஒரு நகலைப் புதுக் கோப்பாக எழுதுகிறது. அந்தக் கோப்பு விழும் ஃபோல்டர், இணையச் சேமிப்போடு தானாக ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்ட ஃபோல்டர். தினமும் புதுப் பெயரில் புதுக் கோப்பு என்பதால் மாறிய பகுதி மட்டும் போவதில்லை, 7.2 ஜிபியும் முழுசாகப் போகிறது. 30 எம்பிபிஎஸ் வேகத்தில் அதற்கு 32 நிமிடம் ஆகும். அடுத்தடுத்த ரீடிங்குகளைக் கழித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது: 11:00-க்குத் தொடங்கி 11:30 தாண்டியவுடன் சடாரென்று விழுகிறது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று போட்டால் 187 ஜிபி. மாதப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்த எண் அதுவேதான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த 7.2 ஜிபியை ஒரு நாள் முழுவதற்கும் பரப்பிச் சராசரி போட்டால் 0.67 எம்பிபிஎஸ். யாரும் திரும்பிப் பார்க்காத எண். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரையான ஒரு மணி நேரத்துக்குச் சராசரி போட்டால் 16. சந்தேகம் வரும், ஆனால் 40-இல் 16 தானே, பாதிகூட இல்லையே என்று விட்டுவிடத் தோன்றும். ஐந்து நிமிடத்துக்குப் போட்டால்தான் 30 தெரிகிறது. மூன்றும் ஒரே கோப்பின் கதை, மூன்றுமே சரியான கணக்கு. எடுத்துக்கொண்ட இடைவெளிதான் வேறு. ரவுட்டர் திரையில் 'இன்றைய பயன்பாடு' என்று வரும் அழகான வட்டப் படங்கள் நெரிசலைக் கண்டுபிடிக்க உதவாமல் போவது இதனால்தான்.

அப்படியானால் இடைவெளியை இன்னும் குறைக்கலாமே, பத்து நொடிக்கு ஒருமுறை எடுத்தால் என்ன என்று கேட்கலாம். `nlbwmon` தன் எண்ணைப் புதுப்பிப்பதே 30 விநாடிக்கு ஒருமுறை என்று பார்த்தோம். அதைவிடக் குறுகிய இடைவெளியில் ரீடிங் எடுத்தால் மூன்று முறைக்கு இரண்டு முறை மாற்றம் பூஜ்யம் என்றும், மூன்றாவது முறை மூன்று மடங்கு என்றும் வரும். ஐந்து நிமிடத்திலும்கூட இரு முனைகளிலும் சேர்த்துப் பத்து சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். 30 என்பது 28 ஆகவும் 32 ஆகவும் இருக்கலாம். வழியை அடைத்தது யார் என்ற முடிவு அதனால் மாறப்போவதில்லை.

ஏற்றம் நிரம்பினால் இறக்கம் ஏன் தடுமாற வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். ஜிஎஸ்டி தளம் திறப்பது இறக்கம்தானே? எதை இறக்கினாலும், 'வந்து சேர்ந்தது' என்ற சின்னச் சின்ன ஒப்புதல்கள் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவை போனால்தான் அந்தப் பக்கமிருந்து அடுத்தது வரும். ஏற்ற வழி நிரம்பியிருக்கும்போது, மேலே போக வேண்டியவை எல்லாம் பெட்டியின் வாசலில் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசைக்குப் பெட்டி 20 லட்சம் பைட் இடம் வைத்திருக்கிறது என்று கொண்டால், 40 எம்பிபிஎஸ்ஸில் அதைக் காலி செய்ய 0.4 நொடி ஆகும். ஒவ்வொரு ஒப்புதலும் அவ்வளவு நேரம் தாமதம். வீடியோ அழைப்பில் நம் குரலும் அதே வரிசையில்தான் நிற்கிறது. பேச்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்பது தொலைத்தொடர்புத் துறையின் நெடுநாள் அளவுகோல். 400 என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் "சொல்லுங்க சொல்லுங்க" என்று நிறுத்துவார்கள்.

இதைச் சோதிக்கவும் எளிய வழி இருக்கிறது. ஒரு கணினியில் `ping 8.8.8.8` என்று ஓடவிட்டுப் பாருங்கள். மூன்று மணிக்கு இருபது, முப்பது மில்லிநொடி என்று வருவது பதினொன்று ஐந்துக்கு நானூறைத் தாண்டினால், வரிசை நிற்கிறது என்று அர்த்தம். ரவுட்டர் கணக்கும் இதுவும் ஒரே நேரத்தைக் காட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ரவுட்டர் சொல்லும் எண் சரி என்று நம்பி. நம்புவதற்கு முன் ஒரு கூட்டல் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் இதை விளக்கத் தேவையில்லை; அவர்கள் பிழைப்பே அதுதான். கருவி வாரிக் கணக்குகளின் கூட்டுத்தொகை, வெளியே போகும் கம்பியின் மொத்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். கம்பியின் மொத்தத்தை ரவுட்டர் தனியாக வைத்திருக்கிறது:

```
cat /sys/class/net/wan/statistics/tx_bytes
```

நடுவில் `wan` என்று இருக்கும் பெயர் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறலாம். இதையும் ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்துக் கழித்தால், நாம் பார்த்த அந்த நேரத்துக்கு 144.8 கோடி பைட் வருகிறது. கருவிகளின் கூட்டுத்தொகை 142.5 கோடி. வித்தியாசம் ஒன்றரைச் சதவீதத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கம்பியில் சேரும் தலைப்பு, ரவுட்டர் தன் சொந்த வேலைக்காக அனுப்புவது ஆகியவை இந்த இடைவெளியை விளக்கிவிடும். ஐந்து சதவீதம் வரை கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் கம்பி 145 கோடி என்று சொல்ல, கருவிகளின் கூட்டுத்தொகை 40 கோடிதான் வருகிறது என்றால் அது வேறு நோய். பெரும்பாலும் காரணம் ரவுட்டரின் ஃபயர்வால் பக்கத்தில் இருக்கும் `Software flow offloading` அல்லது `Hardware flow offloading` என்ற தேர்வு. வேகத்துக்காக, ஒருமுறை அறிமுகமான உரையாடலின் பொட்டலங்களை வழக்கமான சோதனைகளுக்கு அனுப்பாமல் குறுக்கு வழியில் விட்டுவிடுகிறது அது. குறுக்கு வழியில் போவது எண்ணப்படுவதில்லை. விளைவாக, உரையாடல் எவ்வளவு பெரிதோ கணக்கில் அவ்வளவு குறைவாகத் தெரியும். நாம் பிடிக்க நினைக்கும் ஆளுக்கே அது சாதகம். அளக்கும் காலத்துக்கு அதை அணைத்துவிட வேண்டும். 40 எம்பிபிஎஸ்ஸுக்குச் சிறிய ரவுட்டர்கூடத் தாங்கும். ஒரு ஜிபிபிஎஸ் இணைப்பு என்றால் அணைத்தவுடன் ரவுட்டரே திணறி, அளக்கும் வேலையே நெரிசலை உண்டாக்கிவிடலாம். அங்கே இன்னும் வலுவான பெட்டி வேண்டும்.

கழித்தல் எதிர்மறையாக வந்தால் பயப்பட வேண்டாம். நடுவில் ரவுட்டர் அணைந்து எழுந்திருக்கிறது, அல்லது ஒன்றாம் தேதி பிறந்து புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறது. அந்த ஓர் இடைவெளியை மட்டும் தள்ளிவிட்டு மேலே போகலாம்.

இன்னொரு குழப்பம் ஜிபியிலேயே இருக்கிறது. சில திரைகள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஜிபி சொல்கின்றன, சில 1024 ஆகப் பெருக்கிச் சொல்கின்றன. ஜிபி அளவில் இரண்டுக்கும் ஏழு சதவீதம் வித்தியாசம். இணைப்பு நிறுவனத்தின் கணக்கும் நம் கணக்கும் சரியாக ஏழு சதவீதம் விலகி நின்றால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடைசி வரை பைட்டிலேயே கணக்குப் போட்டு, இறுதியில் ஒருமுறை மாற்றுவதே நல்லது.

அடுத்தது பெயர் சூட்டும் வேலை. பட்டியலில் இருப்பது மேக் முகவரிகள். 'கணக்குப் பிரிவு இரண்டாவது கணினி' என்று எதிலும் எழுதியிருக்காது. கம்பியில் இணைந்த கணினிகளுக்கு இது அரை மணி நேர வேலை: ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து அதன் முகவரியைக் குறித்துக்கொண்டு, ரவுட்டரில் பெயர் வைத்துவிடலாம். மடிக்கணினிக்கு மட்டும் கவனம் வேண்டும். கம்பிக்கு ஒரு முகவரி, வைஃபைக்கு வேறு முகவரி. இரண்டு வரிகளையும் கூட்டினால்தான் அது ஒரு கருவி.

கைப்பேசிகள்தான் படுத்தும். ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் கைப்பேசிகள் வைஃபையில் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் பொய் முகவரி ஒன்றை உண்டாக்கிக்கொள்கின்றன. போகிற இடமெல்லாம் பின்தொடராமல் இருக்க வந்த நல்ல ஏற்பாடு அது. இப்படிப்பட்ட முகவரியைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம்: இரண்டாவது எழுத்து 2, 6, A, E என்ற நான்கில் ஒன்றாக இருக்கும். `da:41:` என்று தொடங்கினால் அது உண்டாக்கிய முகவரி. வழக்கமாக ஒரே வைஃபையில் அது மாறாமல் இருப்பதால் கணக்குக்குப் பெரிய கேடில்லை, எந்த நிறுவனத்தின் போன் என்பது மட்டும் தெரியாது. அவ்வப்போது மாற்றிக்கொள்ளும்படி அமைத்திருந்தால்தான் ஒரே போன் பட்டியலில் நாலைந்து வரிகளாக வரும்.

நம் அலுவலகத்தின் மாடியில் நடந்தது இதற்கு நேர் எதிர். 310 ஜிபி இறக்கிய அந்த 'ஒரு கருவி' உண்மையில் ஒரு கருவியே அல்ல. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று யாரோ ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். அது தனக்குக் கீழே சொந்தமாக முகவரிகளைக் கொடுத்துக்கொண்டு, எல்லாரையும் தன் ஒரே முகத்துக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது. கீழே இருக்கும் ரவுட்டருக்கு ஏழெட்டுப் போன்கள் ஒரே வரியாகத்தான் தெரியும். அடையாளம் என்னவென்றால், ஒரே முகவரியின் பெயரில் மற்ற எதற்கும் இல்லாத அளவுக்கு உரையாடல் எண்ணிக்கை இருக்கும்; `conns` என்ற பத்தியில் அது தெரியும். முகவரியின் முதல் பாதியைத் தேடினால் ரவுட்டர் செய்யும் நிறுவனத்தின் பெயரும் வரும். அந்தப் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால், அது முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிடும், போன்கள் ஒவ்வொன்றும் தனி வரியாகும். 310 ஜிபியை எட்டாக வகுத்தால் ஆளுக்கு நாற்பதுக்கும் கீழே. அவ்வளவுதான் அந்தப் பசங்களின் குற்றம்.

`00:00:00:00:00:00` என்று ஒரு வரி வந்தால் அது யாருடைய கருவியும் இல்லை. எந்த மேக் முகவரிக்கு உரியது என்று நிரலால் பொருத்த முடியாமல் போனவற்றின் கூட்டு. சிறிதாக இருந்தால் விட்டுவிடலாம்.

இந்தக் கணக்கில் வரவே வராதவையும் உண்டு. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு நகலெடுத்தால், பிரிண்டருக்கு அனுப்பினால், அது சுவிட்ச் அளவிலேயே முடிந்துவிடும். ரவுட்டரின் கணக்கில் ஏறாது. 'நெட் ஸ்லோ' என்று புகார் வரும்போது உண்மையில் மெதுவாக இருப்பது அலுவலகத்துக்குள் இருக்கும் கோப்புச் சேமிப்பாகவும் இருக்கலாம். வெளிக் கம்பியில் 5 எம்பிபிஎஸ்கூட ஓடாத நேரத்தில் புகார் வருகிறது என்றால் தேட வேண்டிய இடம் வேறு.

எதற்காகப் போனது என்பதும் ரவுட்டருக்குத் தெரியாது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாமே மறையாக்கப்பட்டு 443 என்ற ஒரே வாசல் எண் வழியாகப் போகின்றன. வருமான வரித் தளமும் அதுதான், சினிமாவும் அதுதான். அந்தக் கணினியின் காரணத்தை நேரில் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. நெரிசலைத் தீர்க்க எந்தக் கருவி, எந்த நேரம், எவ்வளவு என்ற மூன்றும் போதும். யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்பது முதலாளிக்குத் தேவையில்லாத விஷயம். அந்த மூன்றையும் குறிப்பதைக்கூட ஊழியர்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதே முறை.

சரிசெய்வது இதற்குப் பிறகு சிறிய வேலை. நகலெடுக்கும் நேரத்தை இரவு ஒன்பதுக்கு மாற்றுவது ஒரு வழி. ஆனால் அந்தக் கணினியை மாலை ஆறு மணிக்கே அணைத்துவிட்டுப் போகிற வழக்கம் இருந்தால் நகல் எடுக்கப்படாமலே போகும், அது இணையம் மெதுவாக இருப்பதைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே இங்கே ஒத்திசைவுச் செயலியின் அமைப்பில் ஏற்ற வேகத்துக்கு 8 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தார்கள். 7.2 ஜிபி போக இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது, யாருக்கும் தெரியாமல் போகிறது. கேமராப் பெட்டியை அசைவு இருந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றியதில் மாதக் கணக்கு தனியாக இறங்கியது. செயலியில் வரம்பு வைக்கும் வசதி இல்லையென்றால், ரவுட்டரிலேயே எஸ்கியூஎம் என்ற வரிசை மேலாண்மையைப் போட்டு, ஏற்றத்தை இணைப்பு வேகத்தில் தொண்ணூறு சதவீதத்துக்குக் கட்டலாம். அப்போது வரிசை சுவரிலிருக்கும் பெட்டியில் சேராமல் நம் ரவுட்டரில் சேரும். பேச்சை முன்னால் விட்டு, பெரிய கோப்பைப் பின்னால் நிறுத்த அதற்குத் தெரியும். ஒன்று மட்டும்: எஸ்கியூஎம் போட்ட பிறகு முன்பு அணைத்த அந்தக் குறுக்கு வழியைத் திரும்பப் போடக் கூடாது. போட்டால் கணக்கும் குறையும், வரிசையைக் கவனிக்கும் வேலையும் நடக்காது.

மாற்றிய பிறகு மீண்டும் ஒரு வேலை நாளின் 11:05, 11:10 ரீடிங்குகள்: அந்தக் கணினி 8, கேமராப் பெட்டி ஒன்றுக்கும் கீழே, மற்றவை 4. மொத்தம் 13 எம்பிபிஎஸ், `ping` முப்பதுக்குள். ஐந்து நிமிட ரீடிங்கை இனி நிறுத்திவிடலாம். ஆனால் ஜிஎஸ்டிஆர்-3பி கட்ட வேண்டிய 20-ஆம் தேதியைத் தாண்டும் வரை ஓடட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வாரத்தில்தான் ஒன்பது கணினிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.